வரம்பைத் தாண்டும் பில்லுக்கு டேப்: கைரேகை கார்டா, பின் நம்பரா, போனா?

"விரலை வைத்தால் போதும், பின் நம்பர் வேண்டாம்" என்று சொல்லி வங்கி கைரேகை சென்சார் பதித்த கார்டைத் தர முன்வருகிறது, கூடவே ஆண்டுக் கட்டணமாகக் கொஞ்சம் கூடுதலாகவும் கேட்கிறது. எடுக்கலாமா, இப்போதிருக்கும் சாதாரண கார்டே போதுமா, போனிலேயே டேப் செய்துகொள்ளலாமே என்று மூன்று பக்கமும் யோசித்து முடிவெடுக்க முடியாமல் நிற்பவர்கள் நிறைய. பின் நம்பர் கேட்காமலே டேப் செய்ய விடும் தொகைக்கு ஒரு வரம்பு உண்டு, அதற்குக் கீழே இருக்கும் சின்னத் தொகைகளைக் கடையில் செலுத்துவதற்கு மூன்றுமே கிட்டத்தட்ட ஒன்றுதான். பெரிய வித்தியாசம் வருவது வரம்பைத் தாண்டும் பில்லில்தான், அதனால் அதையே முக்கியமாக எடுத்துப் பார்க்கிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான்கு கேள்விகள் போதும். கார்டை நீட்டுவது உரிய ஆள்தான் என்று மெஷின் எதை வைத்து நம்புகிறது? அது சரிவராத நேரத்தில் அடுத்து என்ன நடக்கிறது? கார்டோ போனோ இன்னொருவர் கையில் சிக்கினால் எவ்வளவு போகும்? விளம்பரத்தில் சொல்லாத செலவும் தொல்லையும் என்ன?

இந்த நான்கில் முதல் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் மற்ற மூன்றும் தானாகவே புரிந்துவிடும். அதனால் அதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம்.

## மெஷினுக்கும் கார்டுக்கும் நடுவில் நடப்பது

வரம்பு 50, பில் 80 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாணயமானாலும் கணக்கு இதேதான். கடைக்காரர் 80 என்று அடித்ததுமே மெஷின் அதைத் தன் வரம்போடு ஒப்பிட்டு, "இந்தத் தொகைக்கு ஆளைச் சரிபார்த்தாக வேண்டும்" என்ற குறிப்பைக் கார்டிடம் சொல்லத் தயாராக வைத்துக்கொள்கிறது. கார்டைக் கிட்டே கொண்டுபோகும்போது மெஷின் பரப்பும் 13.56 மெகாஹெர்ட்ஸ் மின்காந்தப் புலம், கார்டுக்குள் ஓரமாகச் சுற்றியிருக்கும் ஆன்டெனாவில் மின்சாரத்தை உண்டாக்குகிறது. பொதுவாக இந்தக் கார்டுகளில் பேட்டரி இருப்பதில்லை. அந்தக் கொஞ்ச மின்சாரத்தில்தான் சிப், சென்சார், ரேகையை ஒப்பிடும் கணக்கு எல்லாமே ஓட வேண்டும்.

கார்டின் சிப் எழுந்ததும் சென்சார் விரலின் மேடு பள்ளங்களைப் படிக்கிறது, அதிலிருந்து எடுத்த அடையாளங்களைச் சிப்புக்குள் ஏற்கெனவே பதிந்து வைத்திருக்கும் மாதிரியோடு ஒப்பிடுகிறது. சாதாரண டேப் அரை வினாடிக்குள் முடிந்துவிட வேண்டும் என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டது, ரேகை ஒப்பீட்டுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் தேவைப்படலாம். அதற்கும் தரநிலையிலேயே வழி இருக்கிறது: "இன்னும் கொஞ்சம் பொறு" என்று கார்டு மெஷினிடம் கேட்கலாம், மெஷினும் புலத்தை அணைக்காமல் காத்திருக்கும்.

ரேகை பொருந்தினால் கார்டு இரண்டு விஷயங்களைத் திருப்பி அனுப்புகிறது. ஒன்று, அந்த ஒரு பரிவர்த்தனைக்கு மட்டும் செல்லுபடியாகும் ரகசியக் கையொப்பம், அதைச் சரிபார்க்கும் சாவி வங்கியிடம் இருக்கிறது. இன்னொன்று, "ஆளை நானே சரிபார்த்துவிட்டேன்" என்ற ஒரு சின்னக் கொடி. மெஷின் அந்தக் கொடியைப் பார்த்ததும் பின் நம்பர் கேட்பதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் வங்கிக்கு அனுப்புகிறது. வங்கி கையொப்பத்தையும் இருப்பையும் பார்த்து 80-ஐ அனுமதிக்கிறது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், கடையின் மெஷின் ரேகையைப் பார்ப்பதே இல்லை, ரேகையின் படமோ மாதிரியோ கார்டை விட்டு வெளியே போவதும் இல்லை. மெஷினுக்குக் கிடைப்பது அந்தக் கொடி மட்டும்தான், போனில் டேப் செய்யும்போது போன் அனுப்புவதும் இதே வகைக் கொடிதான். அதனால்தான் கைரேகை கார்டுக்கென்று கடைகள் புது மெஷின் வாங்க வேண்டியதில்லை. ஒரு கடையில் வரம்புக்கு மேல் போனில் டேப் செய்ய முடிகிறது என்றால், பெரும்பாலும் அங்கே கைரேகை கார்டும் செல்லும். போனுக்கே மறுக்கும் பழைய மெஷின் என்றால் இதற்கும் மறுக்கும். தொடுதல் முறைக்கே ஓர் உச்ச வரம்பு வைத்திருக்கும் மெஷின்களும் உண்டு. அந்த உச்சத்தைத் தாண்டினால் கார்டைச் செருகியே ஆக வேண்டும், அங்கே எந்த விரலாலும் ஒன்றும் ஆகாது.

## சாதாரண கார்டும் பின் நம்பரும்

இதே 80-க்குச் சாதாரண கார்டை டேப் செய்தால், கார்டிடம் ஆளைச் சரிபார்க்க எந்த வழியும் இல்லை. அடுத்து நடப்பது இரண்டில் ஒன்று. பின் நம்பரை வங்கிக்கு அனுப்பிச் சரிபார்க்கும் ஏற்பாடு உள்ள இடங்களில் டேப் செய்த கையோடு மெஷின் பின் நம்பர் கேட்கும், அடித்தால் முடிந்தது. பின் நம்பரைச் சிப்பே சரிபார்க்கும் வழக்கம் உள்ள இடங்களில் "கார்டைச் செருகவும்" என்று வரும், ஏனென்றால் அந்த வகைச் சரிபார்ப்பை டேப்பில் செய்ய முடியாது.

கைரேகை கார்டு உங்களுக்கு எவ்வளவு பயன்படும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது இந்த வித்தியாசம்தான். டேப் செய்து நான்கு எண்ணை அடித்தால் வேலை முடிகிற இடத்தில் விரல் மிச்சப்படுத்துவது சில வினாடிதான். அதற்காக ஆண்டுக் கட்டணம் கொடுப்பதில் எனக்குப் பெரிய நியாயம் தெரியவில்லை. செருகித்தான் ஆக வேண்டும் என்ற இடத்திலோ, பின் நம்பர் அடிக்கப் பலகையே இல்லாத ஆளில்லா மெஷின்களிலோ கதை வேறு. பார்க்கிங், எரிபொருள், மின்வாகன சார்ஜிங் போன்ற இடங்களில் பொத்தானே இல்லாத மெஷின்கள் இருக்கின்றன. அங்கே வரம்பைத் தாண்டிவிட்டால் சாதாரண கார்டின் டேப் அப்படியே நின்றுவிடும். அந்தக் கொடியை அனுப்பத் தெரிந்த கார்டோ போனோ இருந்தால்தான் வழி.

பின் நம்பரின் பலவீனம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், தோளுக்குப் பின்னால் நிற்பவர் பார்த்துவிடலாம். ஆனால் ஒரு பெரிய பலமும் இருக்கிறது: விரல் காய்ந்தாலும், நனைந்தாலும், காயம் பட்டுக் கட்டுப் போட்டிருந்தாலும் பின் நம்பர் வேலை செய்யும். செலவு எதுவும் இல்லை. கார்டு தொலைந்து புதிது வந்தாலும் புதிதாகப் பழக ஒன்றும் இல்லை.

## போன் அல்லது வாட்ச்

போனில் டேப் செய்யும்போது முகமோ ரேகையோ போனின் பூட்டு எண்ணோ சரிபார்க்கப்பட்ட பிறகு அந்தக் கொடி போகிறது. மெஷினைப் பொறுத்தவரை கைரேகை கார்டுக்கும் போனுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் உங்களைப் பொறுத்தவரை இரண்டு வேறுபாடுகள் இருக்கின்றன, அவற்றை வங்கி விளம்பரத்தில் தேடினாலும் கிடைக்காது.

முதலாவது, பெரிய போன் வாலட்டுகள் கடைக்கு உங்கள் உண்மையான கார்டு எண்ணைத் தருவதில்லை, அதற்குப் பதிலாக அந்தப் போனுக்கென்றே உருவாக்கிய ஒரு மாற்று எண்ணைத் தருகின்றன. கைரேகை கார்டு டேப் செய்யும்போது போவது கார்டின் எண்ணேதான். கடையின் கணினியிலிருந்து தகவல் கசிந்தால் மாற்று எண்ணை வைத்து யாரும் ஆன்லைனில் ஒன்றும் செய்ய முடியாது, கார்டு எண் கசிந்தால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

இரண்டாவது, போனில் ரேகை பொருந்தாவிட்டால் பூட்டு எண்ணை அடித்தும் பணம் செலுத்தலாம். வசதிதான், ஆனால் நீங்கள் அந்த எண்ணை அடிப்பதை யாரோ பார்த்துவிட்டுப் போனையும் எடுத்துக்கொண்டு போனால் அவருக்கும் அதே வசதி கிடைக்கும். கைரேகை கார்டில் அப்படி ஒரு பின்வாசல் கார்டிலேயே இல்லை. விரல் பொருந்தவில்லை என்றால் அது வெறும் சாதாரண கார்டாக மாறி, பின் நம்பர் கேட்கும் நிலைக்குத் திரும்புகிறது.

சார்ஜ் தீர்ந்தால் போன் உதவாது என்பதைச் சொல்லவே தேவையில்லை.

## கைரேகை சென்சார் உள்ள கார்டு

சென்சார் சிப்புக்கு எதிர்ப்பக்க முனையில் இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கட்டை விரலை அந்த முனையில் வைத்துப் பிடித்தால் கார்டின் மற்ற பகுதி மெஷினை நோக்கி நீளும், செருகினாலும் சென்சார் துளைக்கு வெளியே இருக்கும். டேப் செய்வதற்கு முன்பே விரல் சென்சாரில் இருக்க வேண்டும், மெஷின் சத்தம் கொடுக்கும் வரை எடுக்கக் கூடாது. பழைய கார்டில் பழகிய கை சட்டென்று தொட்டு எடுத்துவிடும், அப்போது சென்சார் படித்து முடிப்பதற்குள் மின்சாரம் போய்விடுகிறது. புதிதாக வாங்கியவர்கள் "வேலை செய்யவில்லை" என்று சொல்லும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மெஷினின் சரியான இடத்தில் வைக்காமல் தள்ளி வைத்தாலும், நடுவில் உலோகம் இருந்தாலும் புலம் பலவீனமாகி இதே விளைவுதான் வரும்.

அடுத்தது விரலின் நிலை. இந்தச் சென்சார்கள் தோலின் மின் தன்மையை வைத்துப் படிப்பவை, ஆகவே மிகவும் காய்ந்த தோல், ஈரமான விரல், வேலை செய்து செய்து ரேகை தேய்ந்த விரல், வயதானவர்களின் மெல்லிய ரேகை எல்லாமே சிரமம் தரும். சென்சாரின் பரப்பும் சின்னது, ஒரு முறைக்கு விரலின் ஒரு பகுதியைத்தான் பார்க்கும். அதனால்தான் முதலில் பதிவு செய்யும்போது பல முறை விரலை வைத்து எடுக்கச் சொல்கிறார்கள். அப்போது ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டே இருந்தால் விரலின் நடுப்பகுதி மட்டும்தான் பதிவாகும், கடையில் கொஞ்சம் சாய்த்துப் பிடித்ததும் பொருந்தாமல் போகும். கார்டை டேப் செய்யப் பிடிப்பது போலவே பிடித்து, ஒவ்வொரு முறையும் விரலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துப் பதிவது நல்லது.

பதிவு செய்வது எங்கே என்பது வங்கிக்கு வங்கி மாறும். கிளைக்கு வரச் சொல்வார்கள், அல்லது கார்டோடு பேட்டரி உள்ள ஒரு சின்ன உறையை வீட்டுக்கு அனுப்புவார்கள், கார்டை அதில் செருகி விரலை வைத்துப் பதிய வேண்டும். மாதிரி கார்டின் சிப்புக்குள் மட்டும் இருப்பது தனியுரிமைக்கு நல்ல விஷயம், வங்கியின் கணினி திருடப்பட்டாலும் அங்கே உங்கள் ரேகை இருக்காது. அதற்கான விலை என்னவென்றால், கார்டு தொலைந்தாலோ காலம் முடிந்தாலோ எங்கிருந்தும் மாதிரியைக் கொண்டுவர முடியாது, எல்லாவற்றையும் முதலிலிருந்து பதிய வேண்டும்.

இனி இந்தக் கார்டைப் பற்றி அதிகம் பேசப்படாத விஷயத்துக்கு வருகிறேன். 80-க்கு விரல் பொருந்தவில்லை என்றால் பின் நம்பர் கேட்கும், சரி. 30-க்கு விரல் பொருந்தவில்லை என்றால்? அதை முடிவு செய்வது கார்டை வழங்கும் வங்கி அதில் வைத்திருக்கும் அமைப்பு. பல ஏற்பாடுகளில், வரம்புக்குக் கீழே இருப்பதால் விரல் பொருந்தாவிட்டாலும் சாதாரண கார்டு போலவே பணம் போய்விடும். இதிலிருந்து இரண்டு விளைவுகள் வருகின்றன.

ஒன்று, கார்டைக் கண்டெடுத்தவர் விரலே இல்லாமல் சின்னச் சின்னத் தொகைகளாக டேப் செய்யலாம். "என் விரல் இல்லாமல் யாரும் பயன்படுத்த முடியாது" என்று நம்பிக் கூடுதல் கட்டணம் கொடுக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது இன்னும் நுட்பமானது. பதிவு சரியாக அமையாத கார்டு கூடச் சின்னத் தொகைகளில் ஒவ்வொரு முறையும் வேலை செய்யும், நீங்களும் விரலால்தான் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டே இருப்பீர்கள், முதல் முறை பெரிய பில் வரும்போதுதான் விரல் ஒருபோதும் பொருந்தியதே இல்லை என்று தெரியும். அதனால் கார்டு வந்ததும் சின்னத் தொகையில் சோதிப்பதில் பயனில்லை, வரம்புக்கு மேல் ஏதாவது வாங்கும்போது சோதியுங்கள். சில கார்டுகளில் பச்சை, சிவப்பு விளக்கு உண்டு, அதைப் பார்த்தாலும் தெரியும். சில மெஷின்கள் ரசீதில் வாடிக்கையாளரின் சாதனத்திலேயே சரிபார்க்கப்பட்டது என்ற பொருளில் ஒரு வரி அச்சடிக்கின்றன, அது இருந்தால் விரல் பொருந்தியிருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு நல்ல பக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தனித்தனி வரம்போடு மொத்த வரம்பும் உள்ள இடங்களில் இந்தக் கார்டு உதவும். உதாரணமாக ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, சரிபார்ப்பில்லாத ஒரு டேப் 50 யூரோவைத் தாண்டக் கூடாது, அதோடு கடைசிச் சரிபார்ப்புக்குப் பிறகு மொத்தம் 150 யூரோ அல்லது தொடர்ந்து 5 முறை என்ற எல்லையும் உண்டு. அந்த எல்லையைத் தொட்டதும் சின்ன பில்லுக்குக் கூடத் திடீரென்று பின் நம்பர் கேட்கும். விரல் பொருந்திய டேப் சரிபார்க்கப்பட்ட பரிவர்த்தனை என்பதால் அந்தக் கணக்கில் சேராது.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. விரலைப் போலியாகச் செய்வார்களா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள், ஆனால் தாக்கியவர்கள் தொட்டது விரலை அல்ல, அந்தக் கொடியை. 2020-ல் ஸூரிச்சின் ஈடிஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு ஆண்ட்ராய்டு போன்களைக் கார்டுக்கும் மெஷினுக்கும் நடுவில் வைத்து, சென்சாரே இல்லாத சாதாரண விசா கார்டிலிருந்து போகும் பதிலில் "ஆள் சரிபார்க்கப்பட்டார்" என்ற கொடியை மாற்றிவிட முடியும் என்று காட்டினார்கள், மெஷின் அதை நம்பி வரம்புக்கு மேலான தொகைக்கும் பின் நம்பர் கேட்காமல் விட்டது. அதாவது அந்த ஓட்டை சென்சாரால் வந்ததும் இல்லை, சென்சார் வாங்கினால் அடைபடப் போவதும் இல்லை. பாதுகாப்புக்காக மட்டும் இந்தக் கார்டை எடுப்பதாக இருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

அப்புறம், ஆன்லைனில் வாங்கும்போது இந்தச் சென்சாருக்கு வேலையே இல்லை, ஏடிஎம்மிலும் பொதுவாகப் பின் நம்பர்தான். ஆகவே "பின் நம்பரை மறந்துவிடலாம்" என்பது நடக்காத காரியம். எப்போதாவது மட்டும் அடிப்பதால் மறப்பதற்கான வாய்ப்புதான் கூடும், சரியாக விரல் பொருந்தாத நாளில்தான் அது தேவைப்படும்.

## பக்கத்தில் பக்கத்தில்

| | சாதாரண கார்டு | போன் / வாட்ச் | கைரேகை கார்டு |
|---|---|---|---|
| வரம்புக்கு மேல் | பின் நம்பர் அல்லது செருகல் | முகம், ரேகை, பூட்டு எண் | விரல் |
| பொத்தான் இல்லாத மெஷினில் | நின்றுவிடும் | நடக்கும் | நடக்கும் |
| தோற்றால் | செருகலாம் | பூட்டு எண் | பின் நம்பர் அல்லது செருகல் |
| திருடர் கையில், சின்னத் தொகை | போகும் | பூட்டு திறக்காமல் பொதுவாகப் போகாது | வங்கியின் அமைப்பைப் பொறுத்தது |
| கடைக்குப் போகும் எண் | கார்டு எண் | மாற்று எண் | கார்டு எண் |
| கூடுதல் செலவு | இல்லை | தகுந்த போன், சார்ஜ் | ஆண்டுக் கட்டணம், ஒவ்வொரு புதுக் கார்டுக்கும் மறுபதிவு |

போன் வரிசையில் "பொதுவாக" என்று போட்டதற்குக் காரணம், ரயில், பேருந்துக் கதவுகளுக்காகப் பூட்டைத் திறக்காமலே செலுத்தும் வசதியைச் சிலர் போனில் இயக்கி வைத்திருப்பார்கள் என்பதுதான்.

## யாருக்கு எது

ஏற்கெனவே போனில் டேப் செய்து பழகியவர் என்றால் கைரேகை கார்டு உங்களுக்குப் புதிதாக எதுவும் தரப்போவதில்லை, மெஷினிடம் போவது அதே கொடி, அதோடு மாற்று எண்ணின் பாதுகாப்பையும் இழக்கிறீர்கள். உங்கள் ஊரில் டேப் செய்து பின் நம்பர் அடித்தால் போதும் என்றால், வரம்புக்கு மேல் வாங்குவதும் எப்போதாவதுதான் என்றால், சாதாரண கார்டிலேயே இருங்கள்.

கைரேகை கார்டு நன்றாகப் பொருந்துவது வேறொரு கூட்டத்துக்கு: போனில் பணம் வைத்துக்கொள்ள விரும்பாதவர்கள், வேலையிடத்தில் போனை வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டியவர்கள், பார்வைக் குறைவால் தொடுதிரையில் எண் அடிக்கச் சிரமப்படுகிறவர்கள், நான்கு எண்ணை நினைவில் வைப்பதே கஷ்டமாக இருப்பவர்கள். கடைசி இரண்டு தரப்புக்கும் இது உண்மையிலேயே பெரிய உதவி, அதனால்தான் இந்தக் கார்டை ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர்களில் வயதானவர்களுக்கு ரேகை மங்கியிருக்கும் வாய்ப்பும் அதிகம். பணம் கட்டுவதற்கு முன்பு, முடிந்தால் கிளையிலேயே பதிந்து, இரண்டு கைகளிலும் எந்த விரல் நன்றாகப் பொருந்துகிறது என்று பார்த்துவிடுங்கள்.

எடுப்பதென்று முடிவு செய்தால் வங்கியிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வரம்புக்குக் கீழே விரல் பொருந்தாவிட்டால் பணம் போகுமா, அதை நிறுத்தி வைக்க முடியுமா? இரண்டாவது விரலையும் பதியலாமா, பின்னால் விரலில் காயம் பட்டால் திரும்பப் பதிவது எப்படி? நான் செய்யாத, ஆனால் "சரிபார்க்கப்பட்டது" என்று பதிவான பரிவர்த்தனை ஒன்று வந்தால் புகாரை எப்படிக் கையாள்வீர்கள்? மூன்றாவதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள், ஏனென்றால் விரலால் சரிபார்த்ததாகப் பதிவாகியிருக்கும் ஒரு பரிவர்த்தனையை "அது நான் இல்லை" என்று நிரூபிப்பது, சரிபார்ப்பே இல்லாத ஒரு டேப்பை மறுப்பதைவிடக் கடினம்.